ஸ்கேனரில் 97, செல்போனில் 92, டேப்பில் 94: என் வயிறு உண்மையில் எவ்வளவு?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 43, உயரம் 170 செ.மீ. சர்க்கரை எல்லையில் இருப்பதாகச் சொன்ன மருத்துவர், வயிற்றுச் சுற்றளவை 90 செ.மீ.க்குக் கீழே கொண்டுவரச் சொன்னார். எங்கள் ஜிம்மில் சுழலும் மேடையில் நிற்கவைத்து உடலைப் படமெடுக்கும் முப்பரிமாண ஸ்கேனர் வாங்கியிருக்கிறார்கள். மூன்று மாதத்துக்கு முன் அதில் வயிறு 97.1 செ.மீ., கொழுப்பு 28.3 சதவீதம். அதே வாரம் செல்போன் செயலியில் முன்பக்கமும் பக்கவாட்டிலும் படமெடுத்தபோது 92.4 செ.மீ., 23.9 சதவீதம். என் மனைவி தொப்புளுக்கு நேராக டேப் வைத்து அளந்தால் 94. இப்போது எடை 78 கிலோவிலிருந்து 76.2 ஆகியிருக்கிறது. ஸ்கேனர் 95.2 செ.மீ., 26.8 சதவீதம் என்கிறது. செயலி 91.6, 23.1 என்கிறது. டேப்பில் 92.5. எதை நம்புவது? எதற்கும் எக்ஸ்ரே மூலம் உடல் கொழுப்பை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் ஒன்று எடுத்துவிடலாமா?
ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்

பதில்: உங்கள் வயிறு குறைந்திருக்கிறது. மூன்று கருவிகளும் ஒரே திசையில் நகர்ந்திருக்கின்றன, எடையும் கூடவே இறங்கியிருக்கிறது. ஆகவே அதைப் பற்றிச் சந்தேகம் வேண்டாம். மருத்துவர் சொன்ன 90 என்ற எல்லைக்கு டேப்பை மட்டும் பாருங்கள். கொழுப்புச் சதவீதம் என்று இரண்டு கருவிகளும் காட்டும் எண்ணை அளவாகவே எடுத்துக்கொள்ள வேண்டாம், ஏனென்றால் அதை எந்தக் கருவியும் அளக்கவில்லை. சுற்றளவிலிருந்து கணக்குப் போட்டு ஊகித்திருக்கின்றன. சுற்றளவுக்கும் கொழுப்புக்கும் உள்ள இந்த வேறுபாடு பிடிபட்டால் மற்றதெல்லாம் தெளிவாகிவிடும். ஆகவே முதலில் சுற்றளவு.

வயிற்றைச் சுற்றி ஒரே ஒரு கோடு இல்லை. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் இடம், கைக்குத் தட்டுப்படும் கடைசி விலா எலும்பின் கீழ் விளிம்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே இருக்கிறது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள் சொல்லும் இடம் இடுப்பெலும்பின் மேல் விளிம்பிலேயே இருக்கிறது. உங்கள் மனைவி அளந்தது தொப்புள் மட்டத்தில். ஸ்கேனர்களின் மென்பொருள் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு விதி வைத்திருக்கும். சில, உடற்பகுதியில் மிகக் குறுகிய இடத்தைத் தேடும். சில, உயரத்தில் ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் கோடு போடும். சில, வயிறு மிகவும் முன்தள்ளிய இடத்தை எடுத்துக்கொள்ளும். எலும்பைத் தொட்டுப் பார்க்க விரல் இல்லாத கருவி, தோலின் மேற்பரப்பை வைத்துத்தான் இடத்தை முடிவுசெய்ய முடியும். வயிறு முன்னே வந்த ஒருவருக்கு இந்தக் கோடுகளுக்கிடையே சில சென்டிமீட்டர் வேறுபாடு இருப்பது சாதாரணம். எந்தக் கருவியும் பிழை செய்யாமலேயே மூன்று எண்கள் வரலாம்.

ஒரே மட்டத்தில் அளந்தாலும் டேப்பும் ஸ்கேனரும் ஒத்துப்போவதில்லை. டேப் சதையைக் கொஞ்சம் அமுக்கும். அதோடு முதுகில் முதுகெலும்பை ஒட்டி ஒரு பள்ளம் இருக்கிறதல்லவா, டேப் அதற்குள் இறங்காது, பாலம்போல் மேலே கடந்துபோகும். ஸ்கேனரின் கோடு தோலை ஒட்டி அந்தப் பள்ளத்துக்குள் இறங்கி ஏறினால் நீளம் கூடும். சில மென்பொருள்கள் டேப்பைப் பின்பற்றிப் பள்ளத்தை மூடிவிடும், சில மூடாது. நிற்கும் விதமும் வேறு. டேப்பால் அளக்கும்போது கால்களைச் சேர்த்து, கைகளைத் தளர்த்தி நிற்போம். ஸ்கேனரில் கால்களை அகற்றி, கைகளை உடலிலிருந்து விலக்கி, பல இயந்திரங்களில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். இல்லையென்றால் தொடையும் தொடையும், கையும் விலாவும் ஒட்டிப் படத்தில் ஒன்றாகிவிடும். தொடையின் மேல்பகுதியும் அக்குளும்தான் ஸ்கேனர்களுக்கு எப்போதும் பலவீனமான இடங்கள். கேமரா பார்க்காத தோலை மென்பொருள் தானே நிரப்பிக்கொள்கிறது.

சுழலும் மேடையில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. மேடை ஒரு சுற்றுச் சுற்றிவர அரை நிமிடத்துக்கு மேல் ஆகிறது. அதற்குள் நீங்கள் சில முறை மூச்சுவிடுவீர்கள், உடல் இலேசாக ஆடும். முன்பக்கம் எடுத்த நொடியில் இருந்த உடலும் பின்பக்கம் எடுத்த நொடியில் இருந்த உடலும் கொஞ்சம் வேறு. மென்பொருள் அவற்றை இழுத்துத் தைத்து ஒரே உருவமாக்குகிறது. நாலா பக்கமும் கேமரா வைத்த கூண்டு வகை ஸ்கேனர்கள் சில நொடிகளில் முடித்துவிடுவதால் இந்தத் தொல்லை அவற்றில் குறைவு. ஆனால் ஜிம்களில் இடம் குறைவு, ஆகவே மேடை வகைதான் பெரும்பாலும் வருகிறது.

செல்போனின் கதை இன்னும் சுவாரசியமானது. ஒரு புகைப்படத்தில் அளவுகோல் கிடையாது. நீங்கள் 170 செ.மீ. மனிதரா, 17 செ.மீ. பொம்மையா என்று படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அதனால்தான் செயலி முதலில் உயரத்தைக் கேட்கிறது. தலையிலிருந்து பாதம்வரை படத்தில் இருக்கும் புள்ளிகளை அந்த உயரத்தோடு பொருத்தி, எல்லாவற்றையும் அதன்படி பெருக்குகிறது. ஆகவே உயரத்தில் செய்த பிழை அப்படியே வயிற்றுக்கும் வரும். 170 என்பதற்குப் பதில் 172 என்று போட்டால், 94 செ.மீ. வயிறு 95.1 ஆகிவிடும். நம்மில் பலர் உயரத்தைப் பழைய நினைவிலிருந்து, கொஞ்சம் தாராளமாகவே சொல்வது வழக்கம். அது தனிக்கதை.

அடுத்தது, இரண்டு படங்களிலிருந்து ஒரு சுற்றளவு எப்படி வருகிறது என்பது. முன்பக்கப் படத்தில் அகலம் தெரியும், பக்கவாட்டுப் படத்தில் தடிமன் தெரியும். வயிற்றின் அகலம் 33 செ.மீ., தடிமன் 25 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். குறுக்கு வெட்டு நீள்வட்டமாக இருந்தால் சுற்றளவு 91.5 செ.மீ. வரும். ஆனால் மனித வயிறு நீள்வட்டம் அல்ல. பக்கங்கள் தட்டையாகவோ, மூலைகள் கொஞ்சம் சதுரமாகவோ இருக்கலாம். அதே அகலமும் தடிமனும் கொண்ட, சற்றுச் சதுரமான வயிறு இதைவிட மூன்று நான்கு சென்டிமீட்டர் கூடுதலாக இருக்க முடியும். இரு படங்களிலும் வெளிக்கோடு ஒன்றாகவே தெரியும். எனவே செயலி, இதற்கு முன் ஸ்கேன் செய்யப்பட்ட ஆயிரக்கணக்கான உடல்களிலிருந்து கற்ற பொது வடிவத்தை எடுத்து, உங்கள் வெளிக்கோட்டுக்குள் பொருத்துகிறது. திரையில் சுழன்று காட்டும் அந்த அழகான சாம்பல்நிற உருவத்தில் உங்களுடையது வெளிக்கோடுதான். மிச்சம் உங்களைப் போன்ற மற்றவர்களின் சராசரி.

இனிக் கொழுப்பு. வெளியிலிருந்து உடலைப் பார்த்து உள்ளே இருக்கும் கொழுப்பைச் சொல்ல இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி கேட்பதற்கு நேர்மையானது: உடலின் கன அளவைக் கண்டுபிடி, எடையை அதனால் வகு, அடர்த்தி வரும். கொழுப்பு மற்ற திசுக்களைவிட இலேசானது. ஆகவே அடர்த்தி குறைந்தால் கொழுப்பு அதிகம். நீருக்குள் எடை பார்க்கும் பழைய முறைக்கு இதுதான் அடிப்படை. சிரி என்பவரின் சூத்திரம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது:

கொழுப்புச் சதவீதம் = 495 ÷ அடர்த்தி − 450

ஸ்கேனர்தான் உடலின் முழு உருவத்தையும் எடுத்துவிடுகிறதே, கன அளவு சுலபம்தானே என்று தோன்றும். உங்கள் பழைய எடையான 78 கிலோவை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கன அளவு 74.64 லிட்டர் என்றால் அடர்த்தி 1.045, கொழுப்பு 23.7 சதவீதம். கன அளவு அரை லிட்டர் கூடி 75.14 ஆனால் கொழுப்பு 26.9 சதவீதம். அரை லிட்டருக்கு 3 புள்ளிக்கு மேல் ஏறிவிட்டது! அரை லிட்டர் என்பது அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது ஒரு முறை உள்ளிழுக்கும் மூச்சின் அளவு. வேறு விதமாகச் சொன்னால், உங்கள் தோலின் மொத்தப் பரப்பு ஏறக்குறைய 1.9 சதுர மீட்டர். அதன்மேல் சராசரியாகக் கால் மில்லிமீட்டர் பிழை ஏற்பட்டாலே அரை லிட்டர் வந்துவிடும். அந்தத் துல்லியத்தில் எந்த ஜிம் ஸ்கேனரும் தோலை வரைவதில்லை. உள்ளாடையின் தடிமனே அதைவிட அதிகம். நீருக்குள் எடை பார்க்கும் ஆய்வகங்கள் நுரையீரலில் மிஞ்சும் காற்றைத் தனியாக அளந்து கழிப்பது இதனால்தான். ஸ்கேனரில் அதற்கு வழியில்லை.

அதனால் நடைமுறையில் இரண்டாவது வழியைத்தான் பெரிதும் நம்புகிறார்கள். பல நூறு பேரை டெக்ஸா போன்ற கருவியில் படுக்கவைத்துக் கொழுப்பை அளந்து, அவர்களின் சுற்றளவுகள், எடை, உயரம், வயது, பாலினம் ஆகியவற்றோடு அதைப் பொருத்தி ஒரு சமன்பாடு செய்துகொள்வது. பிறகு உங்கள் சுற்றளவுகளை அதில் போட்டால் ஒரு சதவீதம் வரும். இது புதிய யோசனை அல்ல. அமெரிக்கக் கடற்படை 1980களிலேயே கழுத்து, வயிறு, உயரம் மூன்றையும் வைத்து வீரர்களின் கொழுப்பைக் கணிக்கும் சூத்திரத்தைக் கொண்டுவந்தது. அதற்கு டேப் ஒன்றே போதும்.

அந்தச் சூத்திரத்தில் உங்கள் முதல் எண்களைப் போட்டேன். உங்கள் கழுத்து 38 செ.மீ. என்று வைத்துக்கொண்டேன். ஸ்கேனரின் 97.1 செ.மீ. வயிற்றுக்கு 26.3 சதவீதம் வந்தது. டேப்பின் 94க்கு 24.3, செயலியின் 92.4க்கு 23.2. அதே மனிதர், அதே வாரம், அதே சூத்திரம். உங்கள் இரு கருவிகளும் இந்தச் சூத்திரத்தைப் பயன்படுத்துகின்றன என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் சமன்பாட்டைப் பூட்டி வைத்திருக்கிறது. ஆனால் உங்களைத் திகைக்க வைத்த 28.3, 23.9 என்ற 4.4 புள்ளி இடைவெளியில் பெரும்பகுதி, வயிற்றின் எந்த இடத்தில் கோடு போட்டார்கள் என்பதிலிருந்தே பிறந்துவிட முடியும். கொழுப்பைப் பற்றி அந்த இடைவெளி எதையும் சொல்லாமலும் இருக்கலாம்.

சமன்பாட்டை யாருடைய உடல்களில் செய்தார்கள் என்பது அடுத்த கேள்வி. நம் நாட்டில் இது சிறிய விஷயம் அல்ல. 2004இல் லான்செட் இதழில் ஒரு படம் வெளியானது. புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த யுட்கினும் அருகருகே நிற்கிறார்கள். இருவருக்கும் உடல் நிறைக் குறியீடு 22.3. டெக்ஸாவில் பார்த்தால் யுட்கினுக்குக் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. ஒரே எடை-உயர விகிதத்தில் நம்மவர்களுக்குத் தசை குறைவாகவும் கொழுப்பு கூடுதலாகவும் இருப்பது அதன்பின் பலமுறை உறுதிப்பட்டிருக்கிறது. வேறு நாட்டு உடல்களில் பழகிய செயலி, வெளியே மெலிதாகத் தெரியும் கையையும் தொடையையும் பார்த்து, உள்ளே தசை இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளும். கேமராவுக்குத் தோலுக்கு அடியில் தசையா கொழுப்பா என்பது தெரியாது. குடலைச் சுற்றி ஆழத்தில் படிந்திருக்கும் கொழுப்பு இன்னும் தெரியாது. உங்கள் சர்க்கரைக்கு முக்கியமானது அதுதான்.

அப்படியானால் இந்தச் செயலிகள் பொய்யா என்று கேட்டால், இல்லை. அமேசான் நிறுவனம் ஹாலோ என்ற கைப்பட்டையோடு செல்போன் படத்திலிருந்து கொழுப்பைக் கணிக்கும் வசதியைக் கொடுத்தது. 2022இல் 134 பேரிடம் அதை டெக்ஸாவோடு ஒப்பிட்ட ஆய்வு வெளியானது. சராசரிப் பிழை ஏறக்குறைய 2.2 புள்ளிகள். உடலில் இலேசான மின்சாரத்தைச் செலுத்திக் கொழுப்பைக் கணிக்கும் வீட்டு எடைமேடைகளைவிட அது நன்றாகவே செய்தது. ஆய்வை எழுதியவர்களில் அந்த நிறுவனத்தின் ஆட்களும் இருந்தார்கள் என்பதைச் சேர்த்தே படிக்க வேண்டும். ஆனாலும் 2.2 என்பது மதிக்கத்தக்க எண்தான். சராசரி என்ற சொல்லைக் கவனியுங்கள். சிலருக்குப் பிழை அரைப் புள்ளி, சிலருக்கு நான்கு ஐந்து. நீங்கள் எந்தப் பக்கம் என்று செயலியால் சொல்ல முடியாது. அந்தச் சேவையை 2023இல் நிறுவனம் மூடிவிட்டது. பயன்படுத்தியவர்களின் தொடர் பதிவும் அதோடு போயிற்று.

இன்னொன்று, விளம்பரத்தில் வரும் "டெக்ஸாவோடு 95 சதவீதப் பொருத்தம்" போன்ற வாசகங்கள். பத்து சதவீதக் கொழுப்புள்ள ஓட்டக்காரரையும் நாற்பத்தைந்து சதவீதம் உள்ளவரையும் ஒரே குழுவில் சேர்த்து ஒப்பிட்டால், யார் மெலிந்தவர், யார் பருத்தவர் என்ற வரிசையைக் கேமரா எளிதாகப் பிடித்துவிடும். பொருத்தம் உயர்வாகவே வரும். உங்களுக்கு வேண்டியது அந்த வரிசை அல்ல, உங்கள் ஒருவருக்குள் மூன்று மாதத்தில் ஏற்பட்ட ஒன்றரைப் புள்ளி மாற்றம். அதைப் பற்றி அந்தப் பொருத்தம் எதுவும் சொல்வதில்லை.

செயலி உங்கள் வயிற்றைப் பார்த்துக் கணிக்கிறதா, நீங்கள் தட்டச்சிட்ட எடையைப் பார்த்துக் கணிக்கிறதா என்று அறிய வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஒரு முறை சரியான எடையைப் போட்டுப் படமெடுங்கள். உடனே அதே உடையில், அதே இடத்தில், எடையை மட்டும் ஐந்து கிலோ கூட்டிப் போட்டு மீண்டும் எடுங்கள். உடல் மாறவில்லை. கொழுப்புச் சதவீதம் இரண்டு மூன்று புள்ளிகள் ஏறினால், சமன்பாட்டில் எடைக்கே பெரும் பங்கு இருக்கிறது என்று பொருள். அப்படிப்பட்ட செயலி, மூன்று மாதத்தில் கொழுப்பு இறங்கியது என்று சொல்லும்போது, நீங்கள் எடைமேடையில் ஏற்கெனவே பார்த்ததையே வேறு வடிவில் திருப்பிச் சொல்கிறது. தசை கரைந்து எடை இறங்கினாலும் அது மகிழ்ச்சியான செய்தியையே காட்டும்.

இப்போது உங்கள் மாற்றத்துக்கு வருவோம். ஸ்கேனர் எண்களின்படி கொழுப்பு 22.1 கிலோவிலிருந்து 20.4 ஆகியிருக்கிறது. அதாவது இறங்கிய 1.8 கிலோவில் ஏறக்குறைய எல்லாமே கொழுப்பு. செயலியின்படி 18.6 கிலோவிலிருந்து 17.6. ஒரு கிலோ கொழுப்பு போயிருக்கிறது, முக்கால் கிலோ தசையோ நீரோ போயிருக்கிறது. முதலாவது "அப்படியே தொடருங்கள்" என்கிறது. இரண்டாவது "புரதம் போதவில்லையோ" என்று கேட்கிறது. இந்த இரண்டு முடிவுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க இந்தக் கருவிகளுக்குச் சக்தி இல்லை. உணவை இந்த எண்ணை வைத்து மாற்றாதீர்கள்.

சுற்றளவு மாற்றம் மட்டும் வேறு விஷயம். ஸ்கேனர் தவறான இடத்தில் கோடு போட்டாலும் ஒவ்வொரு முறையும் அதே தவறான இடத்தில் போட்டால், முன்னதிலிருந்து பின்னதைக் கழிக்கும்போது தவறு கழிந்துவிடும். மிஞ்சுவது தற்செயலான ஆட்டம்: மூச்சு, நின்ற விதம், முந்தைய இரவுச் சாப்பாடு. அந்த ஆட்டம் உங்களுக்கு எவ்வளவு என்று கண்டுபிடித்துவிட்டால் 1.9 செ.மீ. நிஜமா என்பது தெரிந்துவிடும். எடை மாறாத ஒரு காலத்தில், அடுத்தடுத்த இரண்டு காலைகளில் ஸ்கேன் எடுங்கள். இப்படி ஐந்து ஜோடி. ஜோடிகளுக்குள் வேறுபாடு 0.6, 1.1, 0.3, 0.8, 1.0 செ.மீ. என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்திக் கூட்டினால் 3.30. ஜோடி எண்ணிக்கையின் இரு மடங்கான 10ஆல் வகுத்தால் 0.33. அதன் வர்க்கமூலம் 0.57. இதை 2.77ஆல் பெருக்கினால் 1.6 செ.மீ. எலும்பு அடர்த்தி பார்க்கும் மையங்கள் தங்கள் கருவிக்குப் போடும் கணக்கு இதேதான். இதற்குக் குறைவான மாற்றத்தை நம்ப முடியாது, கூடுதலானதை நம்பலாம். உங்கள் எண்களும் இப்படியே வந்தால் 1.9 தேறிவிடுகிறது, ஆனால் அதிகம் மிச்சமில்லை. ஒவ்வொரு தேதியிலும் இரண்டு காலைகள் எடுத்துச் சராசரியை வைத்தால் அந்த எல்லை 1.1 ஆகக் குறையும்.

செயலியின் 0.8 செ.மீ.யைப் பொறுத்தவரை, முதலில் மற்ற அளவுகளைப் பாருங்கள். கணுக்கால், முன்கை, கழுத்து எல்லாம் பட்டியலில் இருக்கும். மூன்று மாதத்தில் வயிறு குறையும், கணுக்கால் அவ்வளவாகக் குறையாது. எல்லாமே ஏறக்குறைய ஒரே விகிதத்தில் சுருங்கியிருந்தால், சுருங்கியது வயிறு அல்ல. செல்போன் வேறு கோணத்தில் சாய்ந்திருக்கிறது, அல்லது தலைமுடியின் உயரம் மாறியிருக்கிறது, அல்லது செயலியின் புதிய பதிப்பு வந்திருக்கிறது. எடை அப்படியே இருக்க, ஒரே நாளில் எல்லா அளவும் தாவினால் பதிப்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பதிப்பு மாறிய தேதிக்கு முன்னும் பின்னும் உள்ள எண்களை ஒப்பிடக் கூடாது. ஜிம் ஸ்கேனருக்கும் இது பொருந்தும். அங்கே மென்பொருளைப் புதுப்பித்தால் உறுப்பினர்களிடம் யாரும் சொல்வதில்லை, நீங்களே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

எடுக்கும்போது காலையில், கழிவறை போய்வந்து, சாப்பிடும் முன், உடற்பயிற்சிக்கு முன் எடுங்கள். உடலோடு ஒட்டிய ஒரே உள்ளாடையை ஒவ்வொரு முறையும் அணியுங்கள். வேட்டியோ தளர்ந்த ஷார்ட்ஸோ இருந்தால் அளப்பது துணியைத்தான். செல்போனைத் தரையில் சாய்த்து வைக்காமல், இடுப்பு உயரத்தில் செங்குத்தாக நிறுத்தி, தரையில் உங்கள் பாதத்துக்கும் செல்போனுக்கும் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். கேமராவுக்கு அருகில் போகப் போக முன்தள்ளிய வயிறு மிகைப்பட்டுத் தெரியும், ஆகவே தூரம் மாறக் கூடாது. உயரத்தை ஒரு முறை சுவரோடு நின்று சரியாக அளந்து போட்டுவிட்டு, பிறகு தொடவே வேண்டாம்.

மருத்துவரின் 90 விஷயத்தில் உங்கள் மனைவியின் கையும் டேப்பும்தான் சரியான கருவிகள். தெற்காசிய ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 செ.மீ. என்ற எல்லைகள் டேப்பால் அளந்த மக்களிடமிருந்து வந்தவை. ஸ்கேனரின் 95.2ஐ அந்த எல்லையோடு ஒப்பிடுவது வேறு அலகில் அளந்ததை ஒப்பிடுவது போன்றது. தொப்புள் மட்டத்தை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள். வயிறு தளரும்போது தொப்புள் கீழே இறங்கும், எடை குறையும்போது இடம் மாறும், அதனால் அது நிலையான குறி அல்ல. பக்கவாட்டில் கடைசி விலாவையும் இடுப்பெலும்பையும் விரலால் தொட்டு, இரண்டுக்கும் நடுவே பேனாவால் ஒரு கோடு போட்டு, டேப் தரைக்கு இணையாகச் சுற்றிவர வேண்டும். முதுகுப் பக்கம் டேப் மேலேறிவிடாமல் பார்க்கக் கண்ணாடி உதவும். நீங்கள் சாதாரணமாக மூச்சை வெளிவிட்டு முடிக்கும் நொடியில் எண்ணைப் படிக்க வேண்டும், வயிற்றை உள்ளிழுக்கக் கூடாது. தோலில் டேப் பதிய வேண்டும், அழுந்தக் கூடாது. இரண்டு முறை எடுத்து, வேறுபாடு ஒரு சென்டிமீட்டரைத் தாண்டினால் மூன்றாவது முறை எடுக்கச் சொல்லுங்கள். புதிய இடத்தில் வரும் எண் 92.5ஆக இருக்காது. கூடியோ குறைந்தோ இருக்கலாம். அன்றிலிருந்து புதிய வரிசை தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், பழையதோடு சேர்த்துக் கோடு போட வேண்டாம்.

கடைசியாக டெக்ஸா. கதிர்வீச்சைப் பற்றிப் பயம் வேண்டாம், ஒரு மார்பு எக்ஸ்ரேயைவிடக் குறைவு. ஆனால் உங்கள் கேள்விக்கு அதுவும் நேரடியாகப் பதில் சொல்லாது. டெக்ஸா எடுக்கும் ஒரு தொழில்நுட்பருக்கு மொத்தக் கொழுப்பு எடையில் 3 சதவீதம்வரை ஆட்டம் இருக்கலாம் என்பது பன்னாட்டு எலும்பு அடர்த்தி அளவீட்டுச் சங்கம் வகுத்த குறைந்தபட்சத் தகுதி. முன்போலவே 2.77ஆல் பெருக்கினால் 8.3 சதவீதம். 20 கிலோ கொழுப்பில் அது 1.7 கிலோ. உங்கள் ஸ்கேனர் சொல்லும் மொத்தக் குறைவே அவ்வளவுதான். நல்ல மையங்களில் ஆட்டம் இதைவிடக் குறைவாக இருக்கும் என்றாலும், மூன்று மாதத்துக்கு முன் எடுத்த டெக்ஸா உங்களிடம் இல்லை. இப்போது ஒன்று எடுத்தால் ஒரு புள்ளிதான் கிடைக்கும், மாற்றம் கிடைக்காது. வெவ்வேறு நிறுவனங்களின் டெக்ஸா இயந்திரங்களும் தங்களுக்குள் ஒத்துப்போவதில்லை. பின்னாளில் ஒப்பிட வேண்டுமென்றால் அதே இயந்திரத்துக்கே போகவேண்டும். பல மருத்துவமனைகளில் அந்த இயந்திரம் எலும்புக்காக மட்டுமே இருக்கும். முழு உடல் கொழுப்பு அறிக்கை கிடைக்குமா என்று முன்கூட்டியே கேட்காமல் போகாதீர்கள்.

அந்தப் பணத்தை மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி இரத்தப் பரிசோதனைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது அந்த முடிவையும், விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே எடுத்த டேப் அளவையும், எடுத்த தேதியோடு எழுதிக் கொண்டுபோங்கள். ஸ்கேனரின் வண்ண அறிக்கையை ஜிம்மிலேயே விட்டுவிடலாம்.